மூடினால் நிற்க வேண்டும்: கேட் வால்வா, பால் வால்வா?

சமையலறைக் குழாயை மாற்ற வந்த பிளம்பர் மொட்டை மாடிக்குப் போய் வால்வை மூடிவிட்டு இறங்கி வருகிறார். குழாயைக் கழற்றினால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. மறுபடி ஏறிப் போய் இன்னும் இறுக்கி மூடுகிறார். கொஞ்சம் குறைகிறது, நிற்கவில்லை. "வால்வு பிடிக்கலைம்மா, பாஸ் ஆகுது. டேங்க்கைக் காலி பண்ணினாத்தான் வேலை செய்ய முடியும்" என்கிறார். காலையில்தான் மோட்டார் போட்டு ஆயிரம் லிட்டர் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அரை மணி நேர வேலைக்காக அவ்வளவு தண்ணீரையும் திறந்துவிட வேண்டும், அல்லது தொட்டிக்குள் கைவிட்டு வெளிக்குழாயின் வாயில் துணியைத் திணிக்க வேண்டும். துணி உள்ளே இழுத்துக்கொண்டு போனால் அது வேறு செலவு.

தமிழ்நாட்டில் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் இதே அமைப்புதான். மாடியில் தொட்டி, அதன் அடியில் ஒரு பொதுக் குழாய், அதிலிருந்து சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று எனப் பிரியும் லைன்கள். ஒவ்வொரு லைனின் தலையிலும் சிவப்புச் சக்கரம் வைத்த கன்மெட்டல் கேட் வால்வு. புது வீடுகளில் அந்த இடத்தில் கைப்பிடி வைத்த பால் வால்வு வந்துவிட்டது. இரண்டும் தண்ணீரை நிறுத்தத்தான் இருக்கின்றன. ஆனால் கெட்டுப்போகும் விதம் முற்றிலும் வேறு. எதை வாங்குவது என்று முடிவு செய்ய அந்த வேறுபாடு தெரிந்தால் போதும்.

அதற்கு முன் ஒரு விஷயம். மூடிய பிறகும் கீழே தண்ணீர் வருகிறது என்பதாலேயே வால்வு கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. மாடியிலிருந்து சமையலறை வரை உள்ள குழாய்க்குள்ளேயே தண்ணீர் நிற்கிறது. முக்கால் இஞ்ச் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டருக்கு மேல் பிடிக்கும். பதினைந்து மீட்டர் ஓடும் லைன் என்றால் நான்கைந்து லிட்டர், கிட்டத்தட்ட அரை வாளி. ஆகவே வால்வை மூடியதும் அந்த லைனில் இருப்பதிலேயே தாழ்ந்த குழாயைத் திறந்து, அடியில் ஒரு வாளியை வையுங்கள். மேல்மாடியில் அதே லைனில் ஒரு குழாய் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் முழுதாக இறங்கும். தொட்டியருகே வால்வைத் தாண்டி, தொட்டியைவிட உயரமாக ஒரு காற்றுக் குழாய் நிறுத்தியிருந்தால் அதுவே காற்றைக் கொடுத்துவிடும். அரை வாளி நிறைந்து, ஓட்டம் மெலிந்து, சொட்டாகி நின்றுவிட்டால் வால்வு நன்றாகப் பிடிக்கிறது. அரை வாளியைத் தாண்டியும் ஒரே சீராக ஓடினால் வால்வுதான் பாஸ் ஆகிறது.

குளியலறை லைனில் இன்னொரு பொறி உண்டு. சுடுதண்ணீர் சோலார் ஹீட்டரிலிருந்து தனி லைனில் வரும் வீடுகளில், மிக்ஸர் குழாயின் இரண்டு பக்கமும் திறந்திருந்து, முனையில் உள்ள கைஷவர் மட்டும் மூடியிருந்தால், சுடுதண்ணீர் லைனிலிருந்து தண்ணீர் மிக்ஸர் வழியாகவே பச்சைத்தண்ணீர் லைனுக்குள் புகுந்துவிடும். மாடியில் உள்ள நல்ல வால்வைக் கெட்டது என்று கழற்றிப்போட இது ஒன்றே காரணமாகிவிடுகிறது. மிக்ஸரின் இரு பக்கத்தையும் மூடிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

இனி கேட் வால்வுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஏரி மதகில் ஷட்டர் இறங்குவது போல, இதற்குள் ஆப்பு வடிவத்தில் ஓர் உலோகத் தகடு மேலிருந்து கீழே இறங்குகிறது. சக்கரத்தைத் திருப்பினால் ஸ்பிண்டில் சுற்றும். அதன் மரையில் தகடு ஏறி இறங்கும். முழுதாகத் திறந்தால் தகடு மேலே போய் ஒதுங்கிக்கொள்வதால் தண்ணீர் ஓடும் வழியில் தடையே இருக்காது. மாடித் தொட்டி வீடுகளில் இது சாதாரண நன்மை அல்ல. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. தரைத்தளச் சமையலறைக்கு ஏழு மீட்டர் மேலே தொட்டி இருந்தால் 0.7 கிலோதான் கிடைக்கும். முதல் மாடிக் குளியலறைக்கு அதில் பாதிகூட இருக்காது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் வழியில் எது குறுக்கிட்டாலும் ஷவரில் தெரிந்துவிடும். அந்தக் காலத்து பிளம்பர்கள் கேட் வால்வை விரும்பியதற்கு நியாயமான காரணம் இருந்தது.

சிக்கல் மூடும்போதுதான். தகடு போய் உட்கார வேண்டிய பள்ளம் வால்வின் அடியில் இருக்கிறது. தொட்டியிலிருந்து வரும் மணல், துரு, உப்புச் செதில் எல்லாம் தங்குவதற்கும் அதுதான் வசதியான இடம். பல ஆண்டுகள் திறந்தே கிடக்கும் வால்வில் அந்தப் பள்ளம் தூர்ந்துபோகிறது. மூடும்போது தகடு குப்பைமேல் உட்காருகிறது. முடி அளவு இடைவெளி இருந்தாலும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். இதற்கு வலிமை மருந்தல்ல. ஏறக்குறைய மூடிவிட்டு, கீழே குழாயைத் திறந்து வைத்து, சக்கரத்தை ஒரு சுற்றுத் திறந்து மறுபடி மூடுங்கள். இடுக்கு வழியே வேகமாகப் பாயும் தண்ணீர் பள்ளத்தைக் கழுவிக்கொண்டு போகும். சில முறை செய்தால் பல வால்வுகள் திரும்பப் பிடித்துக்கொள்கின்றன. கழுவிய அழுக்கு கீழ்க்குழாயின் வலையில் போய் அடையும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

இதைச் செய்யாமல் பைப் ரெஞ்ச் போட்டுச் சக்கரத்தை முறுக்கும்போதுதான் உண்மையான சேதம் நடக்கிறது. ஸ்பிண்டிலின் மரை தேய்ந்துபோகும், அல்லது தகட்டைப் பிடித்திருக்கும் காது உடையும். அதன்பின் சக்கரம் முடிவே இல்லாமல் சும்மா சுற்றும். தகடு எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். வீட்டு வால்வுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரம் மேலே எழும்பி வராது. ஆகவே உள்ளே தகடு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, நடுவில் தொங்குகிறதா என்பது வெளியே தெரியாது. தகடு கழன்று கீழே விழுந்துவிட்டால், எவ்வளவு திறந்தாலும் குளியலறைக்குத் தண்ணீர் வராது. தொட்டி நிறைந்திருக்கிறது, பக்கத்து லைனில் நன்றாக வருகிறது, இந்த ஒன்றில் மட்டும் திடீரென நின்றுவிட்டது அல்லது நூலாக வருகிறது என்றால், குழாய் அடைப்பு என்று சுவரை உடைக்கும் முன் மாடியில் அந்தச் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் காரணம் அங்கேதான்.

இந்த இடத்தில் அவசரத்துக்குச் செய்யும் ஒரு குறுக்குவழி உண்டு. வால்வின் மேல்மூடியைக் கழற்றி, விழுந்த தகட்டை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு மூடியை மாட்டிவிடுவார்கள். தண்ணீர் தாராளமாக வரும். வீட்டுக்காரருக்கும் நிம்மதி. ஆனால் அதன்பின் அது வால்வே இல்லை, சக்கரம் வைத்த வெறும் குழாய். அடுத்த முறை குழாய் உடையும்போதுதான் அது தெரியவரும். பழைய வீட்டை வாங்குகிறவர்கள் மேலே சொன்ன அரை வாளிச் சோதனையை ஒவ்வொரு லைனிலும் செய்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஸ்பிண்டில் உடைவதற்கு இன்னொரு மெதுவான காரணம் தண்ணீரே. பித்தளை, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. உப்புச் சத்து மிகுந்த போர் தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மலிவான பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறும். மிஞ்சுவது வடிவம் மாறாத, பலம் போன செம்பு. உடைந்த ஸ்பிண்டிலைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெட்டுவாயில் பித்தளையின் மஞ்சள் இருக்காது, இளஞ்சிவப்பாக, நுண்துளைகளோடு இருக்கும். உடல் கன்மெட்டலாக இருந்து இருபது ஆண்டு தாங்கினாலும், உள்ளே ஸ்பிண்டில் மட்டமான பித்தளை என்றால் வால்வின் ஆயுள் அந்த ஸ்பிண்டிலின் ஆயுள்தான்.

சக்கரத்துக்குக் கீழே சொட்டினால் பயப்பட வேண்டாம். நீண்ட நாள் திருப்பாத வால்வைத் திருப்பினால் ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள கிளாண்ட் பேக்கிங் இடம் கொடுத்துவிடும். கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் டெஃப்லான் கயிறு சுற்றிப் புதிதாக பேக்கிங் போடலாம். இதற்காக வால்வை மாற்றச் சொல்கிறவரிடம் காரணம் கேளுங்கள்.

பால் வால்வில் தகட்டுக்குப் பதில் ஓர் உலோக உருண்டை இருக்கிறது. அதன் நடுவே துளை. இரண்டு டெஃப்லான் வளையங்கள் உருண்டையை இருபுறமும் அணைத்துப் பிடித்திருக்கின்றன. கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கால் சுற்றுதான். கேட் வால்வில் தெரியாத ஒன்று இதில் எட்ட நின்றே தெரிகிறது. குப்பை தங்கும் அடிப்பள்ளமும் தண்ணீர் வழியில் இல்லை. உருண்டை திரும்பும்போது வளையத்தின்மேல் வழுக்கிக்கொண்டே போவதால், மெல்லிய அழுக்கைத் தானே துடைத்துவிடுகிறது. பல ஆண்டு கழித்து மூடினாலும் சொட்டுக்கூட இல்லாமல் நிற்கக் காரணம் இதுதான்.

ஆனால் அது திரும்பினால்தானே! பால் வால்வின் நோய் இங்கே இருக்கிறது. கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு உருண்டையின்மேலும் அதைச் சுற்றியுள்ள இடுக்கிலும் வெள்ளையாகப் படிந்து இறுகுகிறது. அடிக்கடி திருப்பும் வால்வில் படிவு உருவாகும்போதே உரசிப்போய்விடும். ஐந்தாறு ஆண்டுகள் தொடாமல் விட்ட வால்வில் உருண்டை கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். கைப்பிடி நீளமாக இருப்பதால் நம் கைக்கு வலிமை அதிகம். இழுக்கிறோம், கைப்பிடி வளைகிறது அல்லது உருண்டையைத் திருப்பும் தண்டின் நுனி முறிகிறது. அப்போது கைப்பிடி குறுக்கே போய் மூடியது போலக் காட்டும், உள்ளே உருண்டை திறந்தபடியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: நல்ல வால்வில் கைப்பிடி முழுவதும் ஒரே சீரான இறுக்கத்தோடு திரும்பும். திடீரென்று "டக்" என்று விட்டுக்கொடுத்து, பிறகு லேசாக ஆடினால் தண்டு போய்விட்டது. இறுகிய வால்வை ஒரே மூச்சில் இழுக்காமல், இரு பக்கமும் சிறிது சிறிதாக அசைத்துத் தளர்த்த வேண்டும். நகரவே மறுத்தால் விட்டுவிடுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் திறந்த வால்வு, உடைந்த வால்வைவிட மேல்.

இரண்டாவது கேடு நாமே வரவழைப்பது. குளியலறையில் தண்ணீர் அதிகமாக வருகிறது என்று வால்வைப் பாதி மூடி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பாதி திறந்த உருண்டையின் கூர்விளிம்பு டெஃப்லான் வளையத்தில் ஒரே இடத்தில் அழுந்திக்கிடக்கும். அந்த இடுக்கில் விரைந்து பாயும் தண்ணீர் மணலோடு வளையத்தை அரிக்கும். சில ஆண்டுகளில் வளையத்தில் தடம் விழுந்து, மூடினாலும் கசியும். கேட் வால்வுக்கும் பாதித் திறப்பு ஆகாது, தகடு நடுவில் நின்று அதிர்ந்துகொண்டே தேயும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் குழாயின் கீழே உள்ள ஆங்கிள் காக்கில் குறையுங்கள். லைன் வால்வு இரண்டும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுதாக மூடியிருக்க வேண்டும்.

மொட்டை மாடியில் பிளாஸ்டிக் பால் வால்வு போட்டவர்களுக்கு வெயில் ஒரு எதிரி. பிவிசி வால்வின் கைப்பிடி சில கோடைகளில் வெளுத்து, நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். திருப்பினால் கைப்பிடி மட்டும் கையோடு வரும். பசை போட்டு ஒட்டும் வகையில், ஒட்டும்போதே பசை உள்ளே வழிந்து உருண்டையைப் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. அதனால்தான் வால்வைத் திறந்த நிலையில் வைத்து, அளவாகப் பசை தடவி ஒட்ட வேண்டும். உலோக வால்விலும் மலிவு வகைகளில் பித்தளை உருண்டைக்கு மேலே போட்ட முலாம் உரிந்து, அந்தச் செதில் டெஃப்லானைக் கீறிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சமையலறைக்கும் குளியலறைக்கும் என் தீர்ப்பு உலோகப் பால் வால்வுதான். கேட் வால்வு கெட்டது என்பது தேவைப்படும் நாளில்தான் தெரிகிறது. பால் வால்வு கெடப்போவதைக் கைப்பிடியின் இறுக்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நடுராத்திரியில் குழாய் உடைந்தால் வீட்டில் உள்ள பெரியவர்களோ பிள்ளைகளோ போய்க் கால் சுற்றில் மூடிவிடலாம். பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் மட்டும் படாரென்று மூடாதீர்கள். ஓடும் தண்ணீர் சட்டென நின்றால் குழாய்க்குள் சம்மட்டி அடி போல அதிர்ச்சி பாய்ந்து மூட்டுகளைத் தளர்த்தும். உயர்ந்த அடுக்குமாடிகளின் பெரிய குழாய்களில் மெதுவாக மூடும் கேட் வால்வுக்கு இன்றும் இடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் உள்ள கேட் வால்வு வாளிச் சோதனையில் தேறினால் அதையும் மாற்ற வேண்டியதில்லை.

மாற்றும் வேலை ஒன்றைப் படிப்படியாகப் பார்க்கலாம். சமையலறை லைனில் முக்கால் இஞ்ச் கேட் வால்வு பாஸ் ஆகிறது, குழாய் சிபிவிசி. முந்தின நாள் மாலையிலிருந்து மோட்டார் போடாமல் தொட்டியைப் பயன்படுத்தித் தீர்க்கிறோம். காலையில் மிச்சத் தண்ணீரை வாளிகளில் பிடித்து வைத்துவிட்டு, பழைய வால்வை இருபுறமும் வெட்டி எடுக்கிறார் பிளம்பர். புது வால்வின் இரு முனைக்கும் பித்தளை மரை வைத்த சிபிவிசி இணைப்பு, ஒரு பக்கம் யூனியன். இந்த யூனியன் இல்லாமல் ஒட்டிவிட்டால் அடுத்த முறையும் குழாயை வெட்ட வேண்டும், ஆகவே அதைக் கேட்டு வாங்குங்கள். மரையில் டெஃப்லான் டேப்பை இறுக்கும் திசையில் சுற்றி ஏற்றும்போது, ரெஞ்சை வால்வின் எந்த முனையில் மரை ஏறுகிறதோ அந்த முனையின் அறுகோணத்தில்தான் பிடிக்க வேண்டும். மறுமுனையைப் பிடித்து முறுக்கினால் இரண்டு துண்டாகச் செய்து இணைத்த வால்வின் உடலே நகர்ந்து, உள்ளே வளையம் நசுங்கும். மரையை அளவுக்கு மீறி ஏற்றினாலும் இதே கதிதான். கைப்பிடி தொட்டியிலோ சுவரிலோ இடிக்காமல் முழுக் கால் வட்டம் திரும்புகிறதா என்று ஒட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டும் இடத்தில் ஈரம் இருக்கக் கூடாது. பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கழிந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். கடைசியில், மூடிய நிலையில் வாளிச் சோதனை.

கடையில் வாங்கும்போது வால்வைத் திறந்து உள்ளே கண் வைத்துப் பாருங்கள். உருண்டையின் துளை குழாயின் துளை அளவுக்கே இருந்தால் முழுத்துளை வால்வு. துளை சின்னதாக இருந்தால், குறைந்த அழுத்தம் உள்ள மாடித் தொட்டி லைனுக்கு அது வேண்டாம். கைப்பிடி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், சாதாரண இரும்பில் முலாம் பூசியது மாடியில் நிற்காது. கேட் வால்வுதான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 778 முத்திரை உள்ளதைக் கேளுங்கள், செம்புக் கலவையில் செய்த கேட் வால்வுகளுக்கான இந்தியத் தரம் அதுதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாடிக்குப் போய் ஒவ்வொரு வால்வையும் ஒரு தடவை மூடித் திறந்துவிடுங்கள். கேட் வால்வை முழுதாகத் திறந்தபின் கால் சுற்றுப் பின்னால் விட்டு வையுங்கள், அப்போது அது மேலே போய் இறுகிக்கொள்ளாது. எந்த வால்வு எந்த அறைக்கு என்று பெயின்ட்டால் எழுதி வைப்பதும் அதே நேரத்தில் முடிகிற வேலை. பாஸ் ஆகும் வால்வு ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், தொட்டி கழுவும் நாளன்று பிளம்பரை வரச் சொல்லுங்கள். அன்றைக்குத் தொட்டி எப்படியும் காலியாகத்தான் இருக்கும்.